அடி இன்னும் இல்லை



பொங்கலுக்கு முன்னால் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பானை வீடியோ போட்டிருந்தேன். ஒரு நிமிடம் நாற்பது நொடி. "ஐயா, நீங்கள் எழுதினீர்கள் என்று சொன்னார்களே, அதில் எழுத்தே இல்லையே" என்று மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். ஆறே ஆறு வரிதான் இருக்கிறது, உண்மை. அந்த ஆறு வரிக்கு எனக்குப் பதினெட்டு நாள் ஆனது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

வீடியோவில் வரும் கைகள் யாருடையவை என்று பழைய எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். வகுப்பில் "அவன்", இப்போது "அவர்" என்றுதான் எழுத வருகிறது. சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோவில் போகும் சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் அவர் வீடு. வீட்டுக்குப் பின்னால் கூரைக் கொட்டகை, அதற்கும் பின்னால் சூளை.

என் தங்கை பேரன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். கார்த்திகை விளக்கு வாங்கப் போன இடத்தில் அவரைப் பார்த்துவிட்டு, "தாத்தா, பானை செய்வதை டைம்லாப்ஸ் எடுக்கலாம், நீங்கள் தமிழ் எழுதிக் கொடுங்கள்" என்றான். முப்பத்து நான்கு வருடம் தமிழ் நடத்தியவனிடம் எழுதிக் கொடு என்றால் கேட்கவா வேண்டும்? அன்று இரவே 23 வரி எழுதிவிட்டேன். இன்னும் ஒரு படம்கூட எடுக்கவில்லை, வரிகள் தயார்!

அடுத்த ஞாயிறு கடலூரிலிருந்து பஸ் பிடித்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன். பஸ்ஸில் அந்தத் தாளை எடுத்துப் படித்துப் படித்து மகிழ்ந்துகொண்டே போனேன். முதல் வரி "வெறும் களிமண்தான், ஆனால்" என்று தொடங்கியது. அவரிடம் வாசித்துக் காட்டினேன். மரியாதைக்குத் தலையாட்டினார். அவர் மனைவிதான், "வெறும் களிமண்ணாங்கய்யா? ரெண்டு ஏரி மண்ணு அது. ஒண்ணுல பசை இருக்கும், இன்னொண்ணுல இருக்காது. சரியா சேராட்டி காயும்போதே வாய் பிளந்துடும்" என்றார்.

அவர் சிரித்தார். "ஐயா எப்பவுமே களிமண்ணுன்னா அப்படித்தான் சொல்லுவாங்க. எட்டாம் வகுப்புல என்னையும் சொல்லியிருக்காங்க" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "மண்டையில் என்ன களிமண்ணா வைத்திருக்கிறாய்" என்று யாரைத்தான் சொல்லவில்லை நாங்கள்! ஆனால் விடியற்காலையில் அப்பாவோடு மண் மிதித்துவிட்டு, நகக்கண்ணில் அது ஒட்டியபடியே பள்ளிக்கு வந்த ஒரு பையனிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். வகுப்பே சிரித்திருக்கும். எனக்கு ஞாபகம்கூட இல்லை, அவருக்கு இருக்கிறது. கோபமாகச் சொல்லவில்லை. தேநீர் கொடுத்துக்கொண்டேதான் சொன்னார்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சரி, வீடியோவுக்கு வருகிறேன். டைம்லாப்ஸ் என்றால் என்ன என்று எனக்கும் அன்றுதான் தெரிந்தது. போனை ஒரு முக்காலியில் அசையாமல் நிறுத்திவிட்டு, இத்தனை நொடிக்கு ஒரு படம் என்று எடுக்க வைக்கிறார்கள். பிறகு அந்தப் படங்களை நொடிக்கு 30 வீதம் ஓட்டுகிறார்கள். அவ்வளவுதான். கணக்கு எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் கணக்கு புரிந்தது. சக்கரத்தில் ஒரு பானை எழும்ப அவருக்கு மூன்று நிமிடம். இரண்டு நொடிக்கு ஒரு படம் எடுத்தால் 90 படம். ஓட்டினால் மூன்றே நொடி.

முதல் நாள் அப்படித்தான் எடுத்தான். பார்த்தோம். மண் உருண்டை இருக்கிறது, கண் இமைத்தால் பானை நிற்கிறது. பேரனுக்கு ஒரே குஷி. அவர் போனை வாங்கி இரண்டு தடவை பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. என் கையைத்தான் காணோம்" என்றார்.

அது உண்மை. இரண்டு நொடிக்குள் அவர் கை ஒரு வேலையை முடித்து அடுத்ததற்குப் போய்விடுகிறது. கட்டைவிரலை நடுவில் இறக்குவது, உள்விரலும் வெளிவிரலும் சுவரைக் கவ்வி மேலே இழுப்பது, ஈரத்துணியை விளிம்பில் வைத்து மடிப்பது எல்லாமே படத்துக்கும் படத்துக்கும் நடுவில் விழுந்துவிட்டன. மிச்சம் இருந்தவை துள்ளித் துள்ளி ஓடும் விரல்கள். வேகமாக நடப்பதை டைம்லாப்ஸ் தின்றுவிடும் என்று அன்று தெரிந்தது. பிறகு அரை நொடிக்கு ஒரு படம் என்று மாற்றி எடுத்தான். மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடியானது. கை வந்துவிட்டது.

இன்னொரு தொல்லை, வெளிச்சம். கொட்டகைக்கு மேலே ஒரு மேகம் போனால் போதும், போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது. ஓட்டிப் பார்த்தால் படம் பழைய டியூப் லைட் மாதிரி மினுக் மினுக் என்கிறது. திரையில் பானையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் பார்வையையும் பூட்டிவிட வேண்டுமாம். பிறகு மேகம் வந்தால் படம் இருட்டும், ஆனால் மினுக்காது. மேகம் வந்ததும் தெரியும், போனதும் தெரியும். எனக்கு அது பிடித்திருந்தது.

சக்கரத்திலிருந்து பானையை நூலால் அறுத்து எடுக்கும் இடத்துக்கு நான் எழுதியிருந்த வரி: "இதோ, ஒரு பானை பிறந்துவிட்டது!" ஆச்சரியக்குறி வேறு. அவர் பானையைத் தூக்கிக் காட்டினார். அதன் வழியாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அடியில் ஓட்டை.

"இது இன்னும் பானை இல்லீங்கய்யா. அடியே இல்லையே."

இத்தனை வயதில் எத்தனை பானை பார்த்திருக்கிறேன். சக்கரத்தில் முழுப் பானையும் வந்துவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சக்கரத்தில் வருவது கழுத்தும் விளிம்பும் கனமான சுவரும் மட்டும்தான். உருண்டை அடியைச் சக்கரம் தராது. சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் மண்ணுக்கு அடி தட்டையாகத்தானே இருக்க முடியும்? நம் அடுப்புக்கோ உருண்டை அடி வேண்டும். மூன்று குமிழ் மேல் உட்கார வேண்டும், தீ சுற்றி ஓட வேண்டும். தட்டை அடியென்றால் அது மடங்கும் மூலையில் சூடு ஓரிடத்துக்கு ஒரு மாதிரி ஏறி, அங்கேயே விரிசல் விடும். அதனால் அடியைப் பிறகு தட்டித்தான் மூட வேண்டும்.

என் வரியை அடித்துவிட்டு அவர் சொன்னதையே எழுதினேன். "அடி இன்னும் இல்லை." வீடியோவில் பலரும் நிறுத்திப் பார்த்த இடம் அதுதான் என்று பேரன் சொல்கிறான். என் 23 வரியில் ஒன்றுகூட அப்படி யாரையும் நிறுத்தியிருக்காது.

பிறகு காய்ச்சல். அதாவது பானை காய்வது! காலை எட்டு மணிக்கு நிழலில் வைத்தார், பகல் ஒரு மணிக்குத் தட்டும் பதம் வந்தது. நிமிடத்துக்கு ஒரு படம், ஐந்து மணி நேரத்துக்கு 300 படம், ஓட்டினால் பத்து நொடி. நேரில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காது. வீடியோவில் பாருங்கள், விளிம்பு முதலில் வெளுக்கிறது, அந்த வெளுப்பு கழுத்து வழியாக மெல்ல இறங்குகிறது. தோள் வரைக்கும் வந்ததும் அவர் மனைவியின் கை வந்து விளிம்பில் ஈரத்துணியைப் போட்டுவிட்டுப் போகிறது. விளிம்பு முழுக்கக் காய்ந்து வயிறு ஈரமாக இருந்தால், வயிறு பிறகு சுருங்கும்போது விளிம்பு கூடச் சுருங்காது, பிளக்கும். வெயிலில் வைத்தால் இதுதான் நடக்கும். நான் என் தாளில் "இளவெயிலில் இதமாக" என்று எழுதியிருந்தேன். காதுக்கு நன்றாக இருந்தது என்பதற்காக எழுதியது. எத்தனை வருடம் எதையெல்லாம் இப்படிக் காதுக்காக நடத்தினேனோ!

அந்த இடத்தில் இப்போது இருப்பது: "காலை எட்டு முதல் பகல் ஒன்று வரை. நிழலில்." பத்து நொடியில் ஓடுவது ஐந்து மணி நேரம் என்பதைப் படம் தானே சொல்லாது. அதை எழுத்துதான் சொல்ல வேண்டும்.

தட்டுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பானையை மடியில் கவிழ்த்து, இடது கையில் உருண்டைக் கல்லைப் பிடித்து உள்ளே விட்டு, வலது கையால் வெளியே தட்டுப்பலகையால் அடிக்கிறார். ஒட்டாமலிருக்கச் சாம்பல் தூவிக்கொள்கிறார். பலகை விழும் இடத்துக்கு நேராக உள்ளே கல் இருக்க வேண்டும். ஒரு விரல் விலகினால் சுவர் உள்ளே குழிந்துவிடும். சுற்றிச் சுற்றித் தட்டத் தட்ட, கனமான சுவர் மெலிந்து நீண்டு ஓட்டையை நோக்கிப் போய் மூடுகிறது. ஒரே தடவையில் முடியாது. பகலில் ஒரு தட்டு, சாயங்காலம் ஒரு தட்டு, மறுநாள் காலை ஒரு தட்டு. நடுவில் காய வேண்டும். ஈரத்தில் மேலும் தட்டினால் தளர்ந்து உட்கார்ந்துவிடும்.

நேரில் பார்க்கும்போது பானை பெரிதாவது கண்ணுக்குத் தெரியவே இல்லை. வீடியோவில் பலூன் ஊதுவது போல வயிறு வாங்குகிறது. பேரன் மூன்று தட்டையும் ஒரே கோணத்தில் எடுத்து அடுத்தடுத்து ஒட்டியிருக்கிறான். அதைப் பார்த்து அவரே, "இவ்வளவா ஏறுது?" என்று கேட்டார். சிறு வயதிலிருந்து தட்டுகிற கை அது.

அங்கே வரி: "உள்ளே கல். வெளியே பலகை." கல் பானைக்குள் மறைந்திருக்கிறது, யார் கண்ணுக்கும் படாது. அதனால் அதை மட்டும் சொன்னோம்.

ஒரு குறை இருந்தது. டைம்லாப்ஸில் சத்தம் கிடையாது. வெறும் படங்கள்தானே. ஆனால் இந்த வேலையே காதால் செய்வது. சுவர் கனமாக இருந்தால் "தொப்" என்கிறது. மெலிய மெலிய "டப்", "டண்". எங்கே இன்னும் தட்ட வேண்டும் என்று அவர் பார்ப்பதே இல்லை, கேட்கிறார். பேரன் பாட்டுப் போடலாம் என்றான். வீணையா புல்லாங்குழலா என்று ஒரு விவாதம் நடந்தது. கடைசியில் ஒன்றும் போடவில்லை. இரண்டாவது தட்டுக்கு நடுவில் நான்கு நொடி மட்டும், வேகம் கூட்டாமல், சத்தத்தோடு வைத்தோம். வீடியோ முழுவதிலும் சத்தம் அந்த நான்கு நொடிதான். போனை ஊமையாக்கிப் பார்த்தவர்கள் ஒருமுறை சத்தம் வைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு பழைய செய்தி. தூர்தர்ஷனில் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்கிலாந்தில் பி.பி.சி. தொலைக்காட்சி 1953-இல் இடைவேளைகளில் போடுவதற்கென்று ஒரு படம் எடுத்தது. ஒரு குயவரின் கை, சக்கரம், மண். பேச்சு கிடையாது. அந்தப் படம் பிரபலமானதே ஒரு காரணத்தால்தான்: அவர் பானையை முடிக்கவே மாட்டார். எழும்பும், மறுபடி வடிவம் மாறும், அப்படியே போகும். நேரம் போக்கத்தானே படம்! பேரன் அதைத் தேடிக் காட்டினான். நம்மவர் பார்த்துவிட்டு, "கை நல்ல கை. ஆனா சூளை இல்லாம என்னத்தைக் காட்டுறது?" என்றார்.

சூளைக்கு வருகிறேன். மார்கழி மழை விட்டு விட்டுப் பெய்ததால் பானைகள் காயப் பத்து நாளுக்கு மேல் ஆனது. நான் அதற்குள் மூன்று முறை போய் வந்துவிட்டேன். ஒருமுறை திரும்பும் வழியில் சிதம்பரத்தில் இறங்கி இளமையாக்கினார் கோயிலுக்கும் போனேன். பெரியபுராணத்தில் திருநீலகண்டர் கதையை எத்தனை வருடம் நடத்தியிருப்பேன். தில்லையில் திருவோடு செய்து கொடுத்த குயவர், மனைவி இட்ட ஆணையைக் காத்தவர், காணாமல் போன ஓட்டுக்காகக் குளத்தில் இறங்கியவர். அவ்வளவு நடத்தியும் அந்த ஓடு எப்படிச் செய்யப்பட்டது என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை, பிள்ளைகளிடம் கேட்டதும் இல்லை. வகுப்பிலேயே சொல்லத் தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

சூளையில் 22 பானை வைத்தார்கள். விறகு, வைக்கோல், வறட்டி, தென்னை மட்டை. மேலே வைக்கோல் பரப்பிச் சேற்றால் மெழுகி, அங்கங்கே புகை போக ஓட்டை விட்டார்கள். நான் தீ கொழுந்துவிட்டு எரியும் என்று காத்திருந்தால், மூன்று மணி நேரம் வெறும் புகைதான். காய்ந்ததாகத் தெரியும் பானைக்குள்ளும் ஈரம் இருக்கும். அதை மெல்ல வெளியே விட வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, வெளியே வர வழி தேடிச் சுவரைச் சில்லுச் சில்லாகத் தெறிக்க வைக்கும். வெள்ளையாக வரும் புகையில் கையை நீட்டினால் விரல் நனைகிறது. நனையாமல் சூடு மட்டும் தெரிந்தால்தான் தீயைக் கூட்டலாம். வரி: "முதல் மூன்று மணி நேரம் புகை மட்டும்."

போனைச் சூளைக்கு அருகில் வைக்க முடியாது, சூடேறினால் நின்றுவிடும். பதினைந்து அடி தள்ளி, வேப்பமரத்தில் கட்டினான். ஆறு மணி நேரம், நிமிடத்துக்கு ஒரு படம். இருட்டிய பிறகு கடைசி இரண்டு நொடியில் ஓட்டைகளின் சிவப்பு மட்டும் தெரிகிறது. இரவு முழுக்க ஆற விட்டு மறுநாள் பிரித்தார்கள். ஒவ்வொன்றையும் எடுத்து விரல் முட்டியால் தட்டினார். "கணீர்" என்றால் ஒரு பக்கம், "சத்" என்றால் இன்னொரு பக்கம். 19 கணீர். மூன்று போயின. ஒன்றில் அடியே தெறித்துவிட்டது.

அன்று மதியம்தான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. சூளைப் படத்தைப் பேரன் ஓட்டிக் காட்டினான். பன்னிரண்டு நொடி. அவர் மறுபடி போடச் சொன்னார். மறுபடி. நான்காவது தடவை, "இங்க நிறுத்து" என்றார். வடக்குப் பக்கம் இரண்டு ஓட்டையில் புகை சீக்கிரமே மெலிந்து, தெற்குப் பக்கம் இன்னும் வெள்ளையாக வந்துகொண்டிருக்கும்போதே அங்கே தீ நாக்கு எட்டிப் பார்க்கிறது. வாடைக்காற்று. அன்று கொஞ்சம்தான் வீசியது. அவர் விறகு எடுத்துப் போடும் வேலையில் சுற்றிச் சுற்றி வந்ததால் கவனத்தில் படவில்லை. ஆறு மணி நேரத்தில் மெல்ல நடந்தது பன்னிரண்டு நொடியில் பளிச்சென்று தெரிந்தது. போன மூன்று பானையும் வடக்கு மூலையில் வைத்தவை.

"மண்ணு சரியில்லையோன்னு ராத்திரி பூரா தூங்கலைங்கய்யா" என்றார். அடுத்த சூளைக்கு வடக்கே தென்னங்கீற்றுத் தட்டி கட்டி, அந்தப் பக்கத்து ஓட்டைகளைச் சிறிதாக விட்டார். அதில் ஒன்றே ஒன்றுதான் போனது.

உடைந்த பானைகளை வீடியோவில் வைப்பதா என்று பேச்சு வந்தது. வேண்டாம், அழகாக முடியட்டும் என்றோம் நானும் பேரனும். அவர்தான் வையுங்கள் என்றார். "விலை கேக்குறவங்க பாக்கட்டும்." அதனால் கடைசி வரி: "22 வைத்தோம். 19 வந்தன."

வரிகளை எங்கே வைப்பது என்பதிலும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். எதாவது நடந்துகொண்டிருக்கும்போது எழுத்தைப் போட்டால், கண் எழுத்தைப் படிக்கும், நடப்பதைத் தவறவிடும். நடந்து முடிந்து படம் நிற்கும் இடத்தில் போட வேண்டும். வாய்விட்டு இரண்டு முறை படிக்கும் நேரம் அது நிற்க வேண்டும். தமிழில் வினை கடைசியில்தான் வரும். ஒரு வாக்கியத்தை இரண்டு திரைக்குப் பிரித்தால் வாசிப்பவர் நடுவில் தொங்குவார். ஆகவே ஒரு திரைக்கு ஒரு முழு வாக்கியம், ஆறேழு சொல்லுக்கு மேல் போகாமல். வகுப்பில் நான் இப்படி நடத்தியிருந்தால் மணி அடித்த பிறகும் உங்களை உட்கார வைத்திருக்க மாட்டேன்.

முதல் வரியை மட்டும் கடைசியில்தான் எழுதினேன். மண் மிதிக்கும் காலுக்குப் பிறகு வருகிறதே, அது. "வெறும் களிமண்" போய்விட்டது. "இரண்டு ஏரி மண். ஒரு பங்கு மணல்." அவர் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "சரிங்கய்யா, இதான்" என்றார்.

அவரிடம் அந்த எட்டாம் வகுப்பு விஷயத்தைப் பற்றிப் பேச இரண்டு முறை வாயெடுத்தேன். ஒருமுறை சூளைக்கு மெழுகச் சேறு கேட்டு அவரை அழைத்துவிட்டார்கள். இன்னொரு முறை பஸ் வந்துவிட்டது. வீடியோவை முடித்து அனுப்பிய அன்று போனில் சொன்னேன், "தம்பி, அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஐயா, அந்தப் பானையில பொங்கல் வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணி ஊத்தி வைங்க. காலையில அரிசி கழுவின தண்ணி ஊத்திச் சின்னத் தீயில கொதிக்க விட்டு இறக்குங்க. எடுத்ததும் பெரிய தீ வெச்சுடாதீங்க" என்றார்.

அப்படியே செய்தோம். 19-இல் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. வெளியே கொஞ்சம் கசிந்தது, இரண்டு நாளில் நின்றுவிட்டது.

அடுத்த மாதம் மறுபடி போகிறேன். மண் எடுக்கும் ஏரிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். பேரன் போனைக் கொண்டு வருகிறான். தாள் எதுவும் எடுத்துப் போகப் போவதில்லை.

உங்கள்
தமிழ் ஐயா
கடலூர்